ஹேங் ஆகும் ஸ்டார்ட்டர்: மூன்று கேள்விகளுக்கும் ஒரே சுற்றுப்படம்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம் கோவிந்தாபுரம். சோதனைச் சாவடியைத் தாண்டினால் முதலமடையின் மாந்தோப்புகள், இந்தப் பக்கம் பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகள். இரு பக்கமும் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. இங்கே படித்து முடிக்கும் பிள்ளைகளுக்கு எம்பெடட் வேலை என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் கோயம்புத்தூர். அது பம்பு ஊர். அதனால் இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்காட்டாக அந்த ஊருக்கும் இந்தத் தோப்புக்கும் பொதுவான ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன்: கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்து செல்போனில் ஓடவிடவும் நிறுத்தவும் உதவும் மொபைல் ஸ்டார்ட்டர். உள்ளே ஒரு மைக்ரோகண்ட்ரோலர், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு ரிலே. வெளியே மோட்டாருக்கான கான்டாக்டர். கோவையில் மேசை மேல் வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பெட்டி, கோவிந்தாபுரம் தோப்பில் இரண்டு நாளுக்கு ஒருமுறை ஹேங் ஆகிறது. “எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று நேர்காணலில் கேட்கிறார்கள்.

எம்பெடட் நேர்காணலில் பொதுவாக மூன்று வகைக் கேள்விகள் வரும். மைக்ரோகண்ட்ரோலரின் அடிப்படைகள் ஒன்று, பழுது கண்டுபிடிப்பது இரண்டு, ஒரு சுற்றுப்படத்தைக் கையில் கொடுத்து விளக்கச் சொல்வது மூன்று. மாணவர்கள் இவற்றை மூன்று பாடங்களாகப் படிக்கிறார்கள். மூன்று தனித்தனி விடைகளோடு போகிறார்கள். என் வாதம் இதுதான்: மூன்றும் ஒரே கேள்வி. ஹேங் ஆகும் சாதனம் தரும் தடயம் தனியாகப் பேசாது. சுற்றுப்படத்தில் அந்தச் சிப்புக்கு எங்கிருந்து மின்சாரம் வருகிறது, அந்த மின்னழுத்தத்தில் அது எந்த வேகத்தில் ஓட அனுமதி உண்டு என்ற அடிப்படையோடு சேர்த்துப் படித்தால்தான் அது பேசும். தனியாகப் படித்தால் தடயமே உங்களைத் தவறான பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன பெட்டியில் நடப்பது அதுவேதான், படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் “ஹேங்” என்ற சொல்லைப் பிரிக்க வேண்டும். தோட்டக்காரர் அந்தச் சொல்லால் சொல்வது, பெட்டி பதில் தரவில்லை என்பதை மட்டுமே. உள்ளே நடப்பது குறைந்தது நான்கு வகையாக இருக்கலாம். நிரல் ஏதோ ஒரு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு காத்திருக்கலாம். சிப் விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டிருக்கலாம். சிப் நன்றாக இருந்து ஜிஎஸ்எம் மாட்யூல் மட்டும் அணைந்திருக்கலாம். அல்லது கிரிஸ்டல் நின்றோ, ரீசெட் கால் தாழ்ந்தே கிடந்தோ, சிப் தொடங்கவே முடியாமல் இருக்கலாம். நேர்காணலில் இந்தக் கேள்விக்கு வரும் நல்ல முதல் விடை ஒரு எதிர்க்கேள்வியாகவே இருக்கும்: “ஹேங் ஆன நேரத்தில் பலகையில் உள்ள எல்இடி துடிக்கிறதா, அப்படியே நிற்கிறதா, விட்டுவிட்டு மின்னுகிறதா?” முக்கிய வளையத்திலிருந்து நொடிக்கு ஒருமுறை மாறும்படி எழுதிய ஒரு எல்இடி இருந்தால், மேலே சொன்ன நான்கில் பாதியை அதுவே கழித்துவிடும். எல்இடி துடிக்கிறது, ஆனால் போனுக்குப் பதில் இல்லை என்றால் சிப் உயிரோடு இருக்கிறது. மாட்யூல் பக்கம் போங்கள். எல்இடி ஒரே நிலையில் உறைந்து நின்றால் சிப்பின் பக்கம் போங்கள். எல்இடியை டைமர் இன்டரப்டிலிருந்து துடிக்கவைத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொய் சொல்லும். முக்கிய வளையம் செத்துக் கிடந்தாலும் இன்டரப்ட் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இனி சுற்றை வகுத்துக்கொள்வோம். சிப் ஏடிமெகா328பி, ஆர்டுயினோ ஊனோவில் கல்லூரி மாணவர்கள் பழகியதே. 32 கிலோபைட் ஃபிளாஷ், 2 கிலோபைட் ராம், 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மாட்யூல் சிம்800 வகை, 2ஜி. இந்த மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும், 4.0 வோல்ட் கொடுப்பது வழக்கம். சுற்றை வரைந்தவர் 12 வோல்ட்டை ஒரு ஸ்விட்சிங் ரெகுலேட்டரால் 4.0 ஆக்கி, அதே கம்பியிலிருந்து மாட்யூலுக்கும் சிப்புக்கும் கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மாட்யூலின் சிக்னல் கால் 2.8 வோல்ட்டில்தான் பேசும். ஏடிமெகா தன் கால்களில் ஒன்றை “உயர்நிலை” என்று ஏற்க, தன் மின்னழுத்தத்தில் 60 சதவீதம் கேட்கும். 5 வோல்ட்டில் ஓடினால் 3.0 வேண்டும், 2.8 போதாது, 4 வோல்ட்டில் ஓடினால் 2.4 போதும். ஒரு ரெகுலேட்டரும் மிச்சமாகிறது, சிக்னலும் பொருந்துகிறது. சுற்றுப்படத்தைக் கையில் வாங்கியதும் பலரும் இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு பாகமாகப் பெயர் சொல்லத் தொடங்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். சிப்பின் மின்சாரக் காலில் பென்சிலை வைத்து, அது வந்த வழியே பின்னோக்கி நடக்க வேண்டும்: வழியில் எந்த மின்தேக்கி, எந்த இணைப்பான், யார் யார் அதே கம்பியில் தண்ணீர் குடிக்கிறார்கள். படத்தில் கோடு இல்லாவிட்டாலும் ஒரே பெயர் எழுதிய இரண்டு இடங்கள் இணைந்தவையே. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டாலும் புள்ளி இல்லையென்றால் அவை இணையாதவை. இந்த இரண்டு விதிகளை மறந்து, மாட்யூலும் சிப்பும் ஒரே கம்பியில் இருப்பதைப் பார்க்காமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. படத்தின் வேறு மூலைகளில் “VBAT” என்று இரண்டு முறை எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, சிப்பையே சாட்சி சொல்ல வைப்பது. ஏடிமெகாவில் MCUSR என்றொரு பதிவேடு உண்டு. கடைசியாக ஏன் ரீசெட் ஆனது என்பதை நான்கு பிட்களில் அது சொல்லும்: மின்சாரம் புதிதாக வந்ததா (PORF), ரீசெட் கால் கீழே இழுக்கப்பட்டதா (EXTRF), மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதா (BORF), வாட்ச்டாக் கடித்ததா (WDRF). நிரல் தொடங்கியதும் முதல் வேலையாக இதைப் படித்து வைத்துவிட வேண்டும்:

```c
uint8_t why __attribute__((section(".noinit")));

void save_why(void)
    __attribute__((naked, used, section(".init3")));
void save_why(void)
{
    why = MCUSR;
    MCUSR = 0;
    wdt_disable();
}
```

இது main தொடங்கும் முன்பே ஓடும். கடைசி வரி ஏன் அங்கே இருக்கிறது என்பதை நேர்காணலில் கேட்பார்கள். இந்தச் சிப்பில் வாட்ச்டாக் ஒருமுறை ரீசெட் செய்துவிட்டால், அதன்பின் அது அணையாமல் இருக்கும். காத்திருக்கும் நேரம் மட்டும் மிகக் குறைந்த அளவான சுமார் 16 மில்லிநொடிக்கு இறங்கிவிடும். அதை உடனே நிறுத்தாவிட்டால் நிரல் தலைதூக்கும் முன்பே மறுபடி ரீசெட், மறுபடி ரீசெட். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் ஹேங்தான். WDRF பிட்டை அழிக்காமல் வாட்ச்டாக்கை நிறுத்தவும் முடியாது. அதனால்தான் வரிகள் அந்த வரிசையில் இருக்கின்றன. ஆர்டுயினோவின் பூட்லோடர் வழியாக ஓடும் பலகையில், பூட்லோடர் உங்களுக்கு முன்பே இந்தப் பதிவேட்டை அழித்துவிடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இந்த நிரல் எப்போதும் பூஜ்ஜியத்தையே காட்டலாம், அதைப் பார்த்து “ரீசெட்டே ஆகவில்லை” என்று முடிவு கட்டிவிடக் கூடாது. படித்த மதிப்பை ஈஇப்ராமில் ஒரு வரிசையாகச் சேமிக்கலாம். அதற்கு ஒரு இடத்தில் 1,00,000 முறை எழுதும் ஆயுள் உண்டு. தொடக்கத்தில் ஒருமுறை எழுதினால் பல வருடம் தாங்கும், வளையத்துக்குள் எழுதினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

கோவிந்தாபுரம் தோப்பிலிருந்து பெட்டியைக் கழற்றி வந்து ஈஇப்ராமைப் படித்தால், ஒவ்வொரு ஹேங்குக்கும் WDRF மட்டும் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். BORF சுத்தமாகப் பூஜ்ஜியம். பெரும்பாலானவர்கள் இங்கேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: “மின்சாரம் சரியாக இருக்கிறது, மின்னழுத்தம் விழுந்திருந்தால் BORF காட்டியிருக்கும், வாட்ச்டாக் கடித்திருக்கிறது, ஆகவே பிழை நிரலில்.” கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சிப்பின் தரவுத்தாளில் உள்ள ஒரு வரைபடத்தை அது மறந்துவிடுகிறது. ஏடிமெகா328பி எந்த மின்னழுத்தத்திலும் எந்த வேகத்திலும் ஓடிவிடாது. 1.8 வோல்ட்டில் 4 மெகாஹெர்ட்ஸ், 2.7 வோல்ட்டில் 10, 4.5 வோல்ட்டில் 20 என்று எல்லை வகுத்திருக்கிறார்கள், நடுவே நேர்கோடு. அந்தக் கோட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் எங்கே விழுகிறது என்று கணக்கிட்டால் 3.78 வோல்ட். அதற்குக் கீழே 16 மெகாஹெர்ட்ஸில் ஃபிளாஷிலிருந்து எடுக்கும் கட்டளை சரியாக வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மின்னழுத்தம் விழுந்ததைக் கண்டுபிடிக்கும் காவல் இந்தச் சிப்பில் மூன்று அளவுகளில்தான் வைக்க முடியும்: 1.8, 2.7, 4.3. கம்பியே 4.0 வோல்ட் என்பதால் 4.3 வைக்க வழியில்லை. வைத்தால் சிப் எழவே எழாது. ஆகவே 2.7 வைத்திருப்பார்கள். இப்போது 3.78க்கும் 2.7க்கும் நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் அகலமான காவலில்லாத பகுதி இருக்கிறது. அங்கே சிப் தடுமாறலாம். ஆனால் காவல்காரன் கண்ணில் படாது. தடுமாறிய சிப்பை எட்டு நொடி கழித்து வாட்ச்டாக் எழுப்பும், பதிவேட்டில் WDRF என்று எழுதும். குற்றவாளி மின்சாரம், சாட்சி கையைக் காட்டுவதோ நிரலை.

மின்னழுத்தம் உண்மையில் அங்கே இறங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. 2ஜி மாட்யூல் தொடர்ந்து சிக்னல் அனுப்புவதில்லை. அழைப்பிலும் பதிவு செய்துகொள்ளும்போதும் 4.615 மில்லிநொடிக்கு ஒருமுறை, 0.577 மில்லிநொடி நேரம் மட்டும் அனுப்பும். அந்தக் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ரெகுலேட்டர் பலகைக்கும் மாட்யூல் பலகைக்கும் நடுவே மெல்லிய கம்பியும் இரண்டு இணைப்பான்களும் இருந்து, மொத்தத்தில் கால் ஓம் மின்தடை சேர்ந்தால், 2 ஆம்பியருக்கு அரை வோல்ட் விழும்: சிப்பும் மாட்யூலும் அந்தக் கணத்தில் பார்ப்பது 3.5 வோல்ட். இதை மல்டிமீட்டரில் பார்க்கலாம் என்று சொன்னால் அங்கேயே மதிப்பெண் போய்விடும். எட்டில் ஒரு பங்கு நேரம்தான் விழுகிறது. மீட்டர் சராசரியைக் காட்டும். சராசரியில் விழுவது 0.06 வோல்ட், ஆகவே மீட்டர் 3.94 என்று நிதானமாகச் சொல்லும். ஆசிலோஸ்கோப்பின் முனையைச் சிப்பின் மின்சாரக் காலிலேயே வைத்து, தரைக் கம்பியைச் சிப்பின் தரைக் காலிலேயே குட்டையாகக் கவ்வவிட்டு, 3.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது பிடிக்கும்படி டிரிக்கர் வைத்தால்தான் பள்ளம் தெரியும். ரெகுலேட்டரின் வாயில் அளந்தால் 4.0 அசையாமல் நிற்கும். இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் அந்தக் கால் ஓம் உட்கார்ந்திருக்கிறது. எங்கே முனையை வைப்பது என்பதைச் சுற்றுப்படம் சொல்கிறது, எத்தனை வோல்ட்டில் டிரிக்கர் வைப்பது என்பதைச் சிப்பின் அடிப்படை சொல்கிறது. மூன்றும் ஒரே கேள்வி என்று மேலே சொன்னதற்குக் காரணம் இந்த ஒரே அளவீட்டில் இருக்கிறது.

கோவையில் ஏன் இது வரவில்லை என்று கேட்டாலும் விடை உண்டு. 2ஜி கோபுரம் தன்னருகில் உள்ள போனிடம் “சத்தத்தைக் குறை” என்று சொல்லும். தொலைவில் உள்ளதை முழுத் திறனில் பேசச் சொல்லும். 900 மெகாஹெர்ட்ஸில் கையடக்கப் போனின் உச்சம் 2 வாட். நகரத்தில் மேசை மேல் இருக்கும்போது மாட்யூல் அதில் சிறு பங்குக்கு மேல் அனுப்ப வேண்டியிராது, மின்னோட்டமும் குறைவு. கிணற்று மேட்டில், இரும்புத் தகட்டுப் பெட்டிக்குள், கோபுரம் தொலைவில் இருக்கும் தோப்பில் அது உச்சத்துக்குப் போகும். எல்லையில் வேறொன்றும் சேர்கிறது: கேரளமும் தமிழ்நாடும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள்; ஒன்றின் சிக்னல் மெலிந்தால் மாட்யூல் மற்றதில் தேடிப் பதிவு செய்துகொள்ளும், அந்தப் பதிவும் அனுப்பும் வேலைதான். ஆகவே மேசை மேல் இந்தப் பழுதை வரவழைக்க வேண்டுமானால் ஆன்டெனாவோடு சேர்த்துப் பெட்டியை ஒரு இரும்பு டப்பாவுக்குள் வைத்து அழையுங்கள். சிக்னல் மெலியும், மாட்யூல் குரலை உயர்த்தும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அழைப்பது குறுக்குவழி போலத் தெரியும்; அது மாட்யூலின் அனுப்பும் பகுதியைக் கெடுக்கக்கூடும், செய்யாதீர்கள்.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பு எழும். 3.5 வோல்ட்டில் இந்தச் சிப் பெரும்பாலும் ஓடிவிடும். மேசை மேல் எத்தனையோ பேர் 3.3 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு எப்படி மின்சாரத்தைக் குற்றவாளி என்கிறீர்கள்? மறுப்பு சரியானது. தரவுத்தாளின் எல்லைக்கு வெளியே போனால் சிப் நிற்கும் என்று பொருளில்லை. நிற்காது என்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள் என்றுதான் பொருள். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்ற அந்த அபூர்வமே இதோடு பொருந்துகிறது: எப்போதும் விழும் பழுது இது இல்லை, சித்திரை வெயிலில் தகட்டுப் பெட்டி கொதிக்கும்போதோ, மோட்டார் தொடங்கி 12 வோல்ட் கம்பியும் சேர்ந்து சரியும்போதோ எல்லைக்கு வெளியே இன்னும் கொஞ்சம் தள்ளும்போது விழும் பழுது. ஆனால் பொருந்துகிறது என்பது நிரூபணம் ஆகாது. அதே WDRF தடயத்தைத் தரக்கூடிய இன்னொரு சந்தேகவாளி இந்தத் தோப்பில் உண்மையிலேயே இருக்கிறார். அவரையும் விசாரிக்காமல் நிரலை விடுதலை செய்யக் கூடாது.

அந்தச் சந்தேகவாளி, மலையாளத்தில் வரும் குறுஞ்செய்தி. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து. நிரல் எழுதியவர் தலைப்பு வரிக்கும் சேர்த்து 220 பைட் பஃபர் வைத்திருப்பார். மேசை மேல் “ON”, “OFF” என்று அனுப்பிப் பார்த்து நிம்மதியாக இருப்பார். எல்லையைத் தாண்டியதும் தொலைபேசி நிறுவனத்திலிருந்து மலையாளத்தில் விளம்பரச் செய்தி வருகிறது. மலையாளமோ தமிழோ யுனிகோடில் போகும்போது ஒரு செய்தியில் 70 எழுத்துகள்தான். ஆனால் மாட்யூல் அதைச் சீரியல் கம்பியில் ஹெக்ஸ் எண்களாகக் கக்கும், ஒரு எழுத்துக்கு நான்கு குறி. 70 எழுத்து 280 குறி ஆகிறது. 220 பைட் பஃபர் நிரம்பி வழிந்து, ராமில் பக்கத்திலிருந்த மாறிகளின் மேல் எழுதுகிறது. 2 கிலோபைட் ராமில் ஸ்டாக்கும் வெகு தூரத்தில் இல்லை. நிரல் எங்கோ தொலைந்துபோகிறது, வாட்ச்டாக் கடிக்கிறது, WDRF. இன்னொரு எளிய வடிவமும் உண்டு: `while (!gsm_ok);` என்று எழுதி, gsm_ok மாறியை இன்டரப்டில் மாற்றுவது. volatile என்று அறிவிக்காவிட்டால் கம்பைலர் அதை ஒருமுறை படித்துவிட்டு மறுபடி பார்க்காது. அறிவித்தாலும், மாட்யூல் அணைந்த நாளில் அந்த வரி நித்தியமாகக் காத்திருக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் காலக்கெடு வேண்டும். கெடு தாண்டினால் மாட்யூலை மறுபடி தொடங்கும் வழி வேண்டும்.

இரண்டு சந்தேகவாளிகளையும் பிரிப்பது எப்படி? தடயத்தை ஒரு பைட் அதிகமாக்குவதால். மேலே ராமில் why என்ற மாறியை வைத்த அதே அழியாத பகுதியில், stage என்று இன்னொரு பைட் வையுங்கள். நிரல் ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் அதில் ஒரு எண்ணை எழுதட்டும்: 1 மின்னழுத்தம் படிக்கிறேன், 2 செய்தி வாங்குகிறேன், 3 ரிலேயைத் தொடுகிறேன், இப்படி. ரீசெட்டுக்குப் பின் அந்த எண் அப்படியே இருக்கும், ஈஇப்ராமில் சேர்த்துவிடலாம். பத்து ஹேங்கில் ஒன்பது “2” என்று வந்தால் பஃபரைப் பாருங்கள். எண்கள் சிதறிக் கிடந்தால், நிரலின் எந்த ஒரு வரியும் குற்றவாளி இல்லை. வெளியிலிருந்து ஒரு கை எல்லா வரியையும் ஒரே மாதிரி ஆட்டுகிறது. மாட்யூல் தானாகக் கக்கும் எழுத்துகளையும் பதிந்துவைத்தால் இன்னும் நல்லது. மின்னழுத்தம் குறைந்தால் “UNDER-VOLTAGE” என்று அதுவே எச்சரிக்கும், அதைப் படிக்காமல் தூக்கி எறியும் நிரல்கள்தான் ஏராளம். அதன்பின் ஒரே ஒரு மாற்றம் செய்து சோதியுங்கள்: சிப்புக்கு மட்டும் தனி மின்சாரம், தரை பொது, மற்றதெல்லாம் பழையபடி. ஹேங் மறைந்தால் கம்பிதான் காரணம். பஃபரையும் பெரிதாக்கி, மின்தேக்கியையும் மாற்றி, கிரிஸ்டலையும் மாற்றிச் சோதித்தால் ஹேங் போய்விடலாம். எது போக்கியது என்று தெரியாமலே போய்விடும்.

“நடைமுறையில் ஹேங்குக்குக் காரணம் பெரும்பாலும் நிரல்தானே, நீங்கள் ஏன் வன்பொருள் பக்கம் இவ்வளவு சாய்கிறீர்கள்?” என்று கேட்பவர்களுக்கு நான் வன்பொருள் பக்கம் சாயவில்லை என்பதே பதில். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம், தரவு சேகரிக்கத் தொடங்கிய சில நாளில் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. அங்கே மின்சாரம் குற்றவாளி இல்லை. முன்னுரிமை குறைந்த ஒரு வேலை, பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நடுத்தர முன்னுரிமை உள்ள வேலைகள் அதைத் தள்ளி நிறுத்தின. பூட்டுக்காகக் காத்திருந்த உயர்ந்த வேலை நேரத்துக்கு முடியவில்லை. கண்காணிப்பு ஏற்பாடு ரீசெட் செய்தது. பொறியாளர்கள் பூமியில் வைத்திருந்த அதே மாதிரிக் கலத்தில் நிகழ்ச்சிப் பதிவை இயக்கி, பழுது மறுபடி வரும்வரை ஓடவிட்டு, பதிவைப் பார்த்துக் காரணத்தைக் கண்டார்கள். பூட்டுக்கு முன்னுரிமை கடத்தும் அமைப்பை இயக்கியதும் தீர்ந்தது. பாத்ஃபைண்டரும் தோப்புப் பெட்டியும் எதிரெதிர்க் காரணங்கள், ஆனால் கண்டுபிடித்த வழி ஒன்றே: ரீசெட்டை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், அந்த நேரத்தில் யார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பதிந்து பார்த்தது.

“வாட்ச்டாக் எட்டு நொடியில் எழுப்பிவிடுகிறதே, அது போதாதா?” என்பது இன்னொரு மறுப்பு. இதைச் சொல்லும் வேட்பாளரிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்பார்கள். ரீசெட் ஆனதும் ரிலே விடும், மோட்டார் நிற்கும். எழுந்ததும் நிரல் பழைய நிலையை ஈஇப்ராமிலிருந்து படித்து மோட்டாரைத் தானாக ஓடவிட்டால், “நின்றுவிட்டது” என்று நம்பிக் கிணற்றுக்குள் இறங்கியவரின் கதி என்ன? தானாக ஓடவிடாவிட்டால், இரவு முழுவதும் தோப்புக்குத் தண்ணீர் இல்லை. நிரலுக்குள் எந்தப் பக்கம் தேர்ந்தாலும் விலை உண்டு. மனிதர் இருக்கக்கூடிய பக்கத்தை முதலில் காப்பது என்பதே என் நிலை: வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பின் மோட்டார் நின்றபடி இருக்க வேண்டும், சொந்தக்காரருக்குச் செய்தி போக வேண்டும், அவர் சொன்னால் ஓட வேண்டும்.

கான்டாக்டரைப் பற்றி ஒரு சொல். படத்தைக் காட்டி “இந்த டயோடு எதற்கு?” என்று ரிலேயைச் சுட்டுவார்கள். 12 வோல்ட் ரிலேயின் சுருளை அணைக்கும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை அது விழுங்குகிறது. “அப்படியானால் கான்டாக்டரின் சுருளுக்கும் ஒன்று போடலாமா?” என்பது அடுத்த கேள்வி, பொறியும் அதுதான். கான்டாக்டரின் சுருள் மாறுமின்சாரத்தில் ஓடுவது. டயோடு போட்டால் ஒவ்வொரு சுழற்சியின் பாதியிலும் அது குறுக்குச்சுற்றாகும். அங்கே மின்தடையும் மின்தேக்கியும் தொடராகக் கோத்த ஸ்னப்பர் வேண்டும். 230 வோல்ட் சுருளுக்கு 100 ஓமும், மின்கம்பியில் போடத் தகுந்த எக்ஸ்2 வகையில் 0.1 மைக்ரோஃபாரடும் பழகிய அளவு. அது இல்லாத பெட்டியில் மோட்டாரை நிறுத்தும் கணத்தில் ஹேங் வரலாம், பதிவேடு EXTRF காட்டவும் கூடும். நம் பெட்டியில் அது பூஜ்ஜியம் என்பதால் இந்த வழியை இப்போதைக்குப் பின்னுக்குத் தள்ளலாம்.

தீர்வுக்கு வருவோம். நேர்காணலில் “பெரிய மின்தேக்கி போடுவேன்” என்பது பரவலான விடை. எவ்வளவு பெரியது என்று கேட்டால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ரெகுலேட்டரிலிருந்து 1 ஆம்பியர் வந்து, மீதி 1 ஆம்பியரை மின்தேக்கி 0.577 மில்லிநொடி தர வேண்டும், 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்றால்: 1 × 0.000577 ÷ 0.3, ஏறத்தாழ 1,900 மைக்ரோஃபாரட். 100 மைக்ரோஃபாரடை ஒட்டிவிட்டு நிம்மதியடைவது ஏன் வீண் என்பது தெரியும். கம்பியைத் தடிமனாக்கி இணைப்பான்களைக் குறைப்பது மலிவான வழி. ஆனால் நான் முதலில் செய்யச் சொல்வது வேறு: கிரிஸ்டலை 8 மெகாஹெர்ட்ஸாக மாற்றுவது. அந்த வேகத்துக்குத் தேவை 2.4 வோல்ட்தான். 2.7 என்று வைத்த காவலின் உண்மையான அளவு 2.5இலிருந்து 2.9 வரை எங்கும் இருக்கலாம், மோசமான 2.5இலும் அது 2.4க்கு மேலேயே நிற்கிறது. காவலில்லாத பகுதி மறைந்துவிடுகிறது. இனி மின்சாரம் விழுந்தால் சிப் தடுமாறும் முன்பே BORF அதைச் சொல்லும். போனில் மோட்டாரை ஓடவிடும் வேலைக்கு 16 மெகாஹெர்ட்ஸ் தேவையே இல்லை; ஊனோ பலகையில் இருந்ததால் வந்தது. சீரியல் வேகத்தின் கணக்கையும் டைமர்களையும் மறக்காமல் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மாட்யூலோடு பேச்சே நின்று புதிதாக ஒரு ஹேங் கிடைக்கும். மலையாளச் செய்திக்காகப் பஃபரின் எல்லையைச் சோதிக்கும் வரியையும் சேர்க்க வேண்டும்; இந்த முறை அது குற்றவாளி இல்லாவிட்டாலும் காத்திருக்கும் குற்றவாளிதான்.

கடைசியாக, “சரியாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?” என்று கேட்பார்கள். “ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், வரவில்லை” என்பது விடையல்ல. பழைய பெட்டியும் ஒரு நாள் ஓடியிருக்கும். சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை தாறுமாறாக வரும் பழுது, மாறாமலே இருந்தும் தற்செயலாக ஆறு நாள் வராமலிருக்க வாய்ப்பு நூற்றில் ஐந்து. ஆகவே குறைந்தது ஆறு நாள், கோவை மேசையில் அல்ல, அதே தோப்பில், அதே சிம்மோடு, அதே தகட்டுப் பெட்டிக்குள், ஆசிலோஸ்கோப் பார்த்த அதே அளவு சிக்னலில் ஓட வேண்டும். அதற்குள் பதிவேட்டில் ஒரு BORF வந்தால் முகம் சுளிக்காதீர்கள். காவல் வேலை செய்கிறது, கம்பி இன்னும் மெலிந்திருக்கிறது என்று அது சொல்கிறது.